ஏழாம் அத்தியாயம்: மொத்தப் பதிவேற்றத்தைப் பரிசோதித்தலும் பிழைகளை வரிசைவாரியாக உணர்த்தலும்

ஒரு பதிப்பகத்தின் விளம்பரப் பகுதியில் பணிபுரிபவர், வரும் மாதம் முழுவதிலும் சமூக ஊடகங்களில் வெளிவர வேண்டிய பதிவுகளையெல்லாம் எக்ஸெல்லில் ஒரே அட்டவணையாக எழுதி, எந்த நாளில், எந்த மணிக்கு, எந்த ஊடகத்தில், எந்த வாசகம், எந்தப் படத்துடன் வர வேண்டும் என்பதைப் பத்தி பத்தியாகக் குறித்து, அதனைச் சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்து, நாம் அமைத்துள்ள செயலியில் பதிவேற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோப்பை அங்கீகரிப்பதா, மறுப்பதா, மறுப்பதாயின் எதனால் மறுத்தோம் என்பதை அவருக்கு எவ்வாறு தெரிவிப்பது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். பரிசோதனை நம்முடைய நிரலுக்குள் நடக்கிறது. திருத்தமோ அவருடைய அட்டவணையில் நடக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் நாம் காணும் ஒவ்வொரு குற்றத்தையும், அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர் பிழை இருக்கும் வரியின் ஓரத்திலேயே குறியிடுவதைப்போல, அவர் கண்முன் இருக்கும் அட்டவணையின் கட்டத்தைச் சுட்டியே சொல்லவேண்டும். இந்த ஒரு நியதியிலிருந்தே கீழே வரும் விதிகள் யாவும் பிறக்கின்றன.

விளக்கத்தின் பொருட்டுப் பின்வரும் சிறு கோப்பை உதாரணமாகக் கொள்வோம்.

```
date,time,channel,text,image
2026-04-02,10:00,x,"புதிய நாவல் இன்று வெளியாகிறது",naval.jpg
03/04/2026,10:00,x,"கட்டுரைத் தொகுதி, இரண்டாம் பதிப்பு",katturai.jpg

2026-04-06,08:30,bluesky,"நூல் அறிமுகக் கூட்டம்
இன்று மாலை 6 மணி
அனைவரும் வருக",kuttam.jpg
2026-04-08,09:00,x,"(312 குறிகள் கொண்ட நீண்ட வாசகம்)",
2026-04-09,25:00,twiter,"சிறுவர் நூல்களுக்குத் தள்ளுபடி",siruvar.jpg
```

கோப்பு முழுவதற்கும் உரிய குற்றங்கள்

வரிசைகளைத் தனித்தனியே ஆராயப் புகுமுன், கோப்பு படிக்கத்தக்க நிலையில் இருக்கிறதா என்பதை நிச்சயித்துக்கொள்வது அவசியம். ஏனெனில் அடிப்படையிலேயே கெட்டுப்போன கோப்பை வரிசை வரிசையாக ஆராய்ந்தால், ஒரே காரணத்தினால் விளைந்த இருநூறு பிழைகளை இருநூறு முறை எழுதிப் பதிவேற்றியவரைத் திகைக்க வைப்பதைத் தவிர வேறு பிரயோஜனம் இராது. இவ்வகைக் குற்றங்களுள் தமிழில் எழுதுபவர்களை அதிகமாக வருத்துவது எழுத்துக் குறியீட்டைப் பற்றியது. எக்ஸெல்லில் `CSV UTF-8 (Comma delimited)` என்றும், `CSV (Comma delimited)` என்றும் சேமிப்பு வகைகள் இரண்டு உண்டு. முதலாவது தமிழ் எழுத்துக்களைப் பழுதின்றிக் காக்கும். இரண்டாவதோ விண்டோஸின் பழைய குறியீட்டு அட்டவணையில் எழுதுவதால், அதில் இடம்பெறாத தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு வினாக்குறியாக மாறிவிடுகிறது.

இதிலுள்ள விபரீதம் என்னவென்றால், வினாக்குறி எந்தக் குறியீட்டிலும் செல்லுபடியாகும் எழுத்தாதலால், கோப்பு யூ.டி.எஃப்-8 முறையில் இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும் நிரல் இந்தக் கோப்பை எவ்வித ஆட்சேபமும் இன்றி ஏற்றுக்கொண்டுவிடும். குறித்த நாளில் வினாக்குறிகளின் வரிசையே பதிப்பகத்தின் அறிவிப்பாக உலகுக்குப் போய்ச் சேரும். ஆகையால் வாசகக் கட்டத்தில் இடைவெளி நீங்கலாக உள்ள குறிகளில் பாதிக்கு மேல் வினாக்குறிகளாக இருந்தால் கோப்பை அப்போதே நிறுத்திவிடுவது உத்தமம். அவ்வாறு நிறுத்தும்போது, இழந்த எழுத்துக்களை இந்தக் கோப்பிலிருந்து மீட்க இயலாது என்பதையும், மூல அட்டவணையைத் திறந்து `CSV UTF-8` வகையில் மறுபடி சேமிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

சரியான வகையில் சேமித்த கோப்பிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எக்ஸெல் யூ.டி.எஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளக் குறியை மூன்று பைட்டுகளில் எழுதிவைக்கிறது. அதை நீக்காமல் படித்தால் முதல் பத்தியின் தலைப்பு `date` என்பதற்குப் பதிலாக அக்குறியுடன் ஒட்டிய வேறொரு சொல்லாகிவிட, நிரல் ‘`date` என்ற பத்தி இல்லை’ என்று அறிவிக்கும்; பதிவேற்றியவரோ அந்தச் சொல்லைத் தம் அட்டவணையின் முதற் கட்டத்திலேயே கண்ணாரக் கண்டுகொண்டிருப்பார். பைத்தானில் `utf-8-sig` என்ற குறியீட்டுப் பெயரைக் கொடுத்துப் படித்தால் அக்குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேடில்லை.

கோப்பளவிலான குற்றங்களில் இன்னொன்று மூடப்படாத மேற்கோள். சி.எஸ்.வி. வடிவத்தின் பொது வழக்கங்களை 2005-ஆம் ஆண்டு தொகுத்துரைத்த ஆர்.எஃப்.சி. 4180 என்னும் ஆவணத்தின்படி, காற்புள்ளியோ வரிமுறிவோ உள்ள கட்டத்தை இரட்டை மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும். கட்டத்தினுள்ளேயே மேற்கோள் வருமாயின் அதனை இருமுறை எழுத வேண்டும். எக்ஸெல் இதைத் தானாகவே செய்துவிடும். கோப்பை உரைத் தொகுப்பியில் திறந்து கையால் திருத்துபவர்கள்தாம் ஒரு மேற்கோளை விட்டுவிடுவார்கள். அப்போது படிப்பான், அடுத்த மேற்கோள் எதிர்ப்படும் வரையில் உள்ள வரிசைகளையெல்லாம் ஒரே கட்டமாக விழுங்கிவிட்டு, உண்மையான பிழை இருந்த இடத்தைக் கடந்து வெகுதூரம் சென்ற பிறகே தடுமாறி நிற்கும். தடுமாறிய இடத்தைச் சொல்வதனால் பயனில்லை. கடைசியாகப் பழுதின்றிப் படித்த வரிசைக்கு அடுத்த வரிசையைச் சுட்டி, அங்கே தொடங்கும் மேற்கோளைச் சரிபார்க்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு அப்பால் உள்ள வரிசைகளின் எல்லை எது என்பதே நிச்சயமில்லாததால், அவற்றைப் பற்றி ஏதும் சொல்லாதிருப்பதே நேர்மை.

எந்த எண்ணால் வரிசையைச் சுட்டுவது?

மேலே காட்டிய உதாரணத்தில், அளவு மிஞ்சிய வாசகத்தைக் கொண்ட வரிசையை எந்த எண்ணால் குறிப்பிடுவது என்று கேட்டால், நிரல் எழுதியவரின் போக்கைப் பொறுத்து நான்கு விதமான விடைகள் வரக்கூடும். தரவு வரிசைகளைச் சுழியத்திலிருந்து எண்ணுபவர் 3 என்பார். தலைப்பை முதல் வரிசையாகக் கொண்டு, பைத்தானின் `csv.DictReader` தரும் வரிசைகளை இரண்டிலிருந்து எண்ணுபவர் 5 என்பார். இடையில் உள்ள வெற்று வரியை அது சொல்லாமலே தாண்டிவிடுவதுதான் இதற்குக் காரணம். படிப்பானின் `line_num` என்ற எண்ணை நம்புபவருக்கோ 8 என்று வரும். அது வரிசைகளை எண்ணாமல் கோப்பின் வரிகளை எண்ணுவதாலும், கூட்ட அறிவிப்பு ஒரே கட்டத்துக்குள் மூன்று வரிகளாக எழுதப்பட்டிருப்பதாலும் இந்த வேறுபாடு நேர்கிறது. பதிவேற்றியவர் தம் அட்டவணையின் இடது ஓரத்தில் காண்பதோ 6. இந்த நான்கில் அவருக்குப் பயன்படுவது கடைசியாகச் சொன்ன எண் ஒன்றே.

அதைப் பெறுவதற்குப் பெரிய உபாயம் ஒன்றும் வேண்டியதில்லை. வெற்று வரிசைகளைப் படிப்பான் தானே தாண்டும்படி விடாமல், எல்லா வரிசைகளையும் பெற்று, ஒன்றிலிருந்து எண்ணி, வெற்று வரிசையை எண்ணிய பிறகு நாமே தள்ளிவிட்டால் போதும்.

```python
with open(path, encoding="utf-8-sig", newline="") as f:
    rows = csv.reader(f, strict=True)
    for row_no, cells in enumerate(rows, start=1):
        if row_no == 1:
            check_header(cells)
        elif any(c.strip() for c in cells):
            check_row(row_no, cells)
```

வெற்று வரிசை சில சமயம் வெறும் வரியாகவும், சில சமயம் காற்புள்ளிகள் மட்டுமே கொண்ட வரியாகவும் வரும். கட்டங்களில் ஏதேனும் ஒன்றிலாவது எழுத்து இருக்கிறதா என்று பார்க்கும் மேற்கண்ட சோதனை இரண்டுக்கும் பொருந்தும். `strict=True` என்பது, முன்பு கூறிய மூடப்படாத மேற்கோளை மௌனமாக ஏற்றுக்கொள்ளாமல் பிழையாக எழுப்புவதற்காக வைத்தது. இவ்வாறு பெற்ற எண்ணை வரிசை பிறந்த கணத்திலேயே அதனுடன் பிணைத்துவிட வேண்டும். பிற்பாடு தேதிவாரியாக அடுக்கினாலும், பிழையுள்ளவற்றை மட்டும் பிரித்தெடுத்தாலும், அந்த எண் மாறாமல் கூடவே செல்ல வேண்டும்.

தேதியும் நேரமும்

தேதிப் பத்தியில் நேரும் பிழைகள் பெரும்பாலும் பதிவேற்றியவரின் அசிரத்தையால் நேர்வன அல்ல. அவர் 2026-04-03 என்று கிரமமாகவே எழுதி அனுப்பியிருக்கலாம். பிறகு ஒரு சிறு திருத்தத்தின் நிமித்தம் அதே சி.எஸ்.வி. கோப்பை எக்ஸெல்லில் திறந்து சேமித்திருக்கலாம். எக்ஸெல் அதனைத் தேதியாக உணர்ந்து, அந்தக் கணினியின் வட்டார அமைப்புக்கு ஏற்ற வடிவத்தில் திருப்பி எழுதிவிடும். இதன் விளைவாக வரும் 03/04/2026 என்பது இந்திய வழக்கில் ஏப்ரல் 3, அமெரிக்க வழக்கில் மார்ச் 4. நிரல் இதில் ஒன்றை ஊகித்துக்கொள்ளுமானால், தவறான ஊகத்தின் பயனாக ஓர் அறிவிப்பு ஒரு மாதம் முந்தி வெளிவரும். அப்போது பிழை என்று எதுவும் எங்கும் காட்டப்பட்டிராது. ஆகவே ஒரே வடிவத்தை மட்டும் ஏற்பதென்றும், இரு பொருள் படும் தேதியை மறுப்பதென்றும் விதித்துக்கொள்வது நலம். அல்லது, கோப்பைப் பதிவேற்றும்போதே நாள் முதலா, மாதம் முதலா என்பதை ஒருமுறை கேட்டுக் கோப்பு முழுவதற்கும் அதையே பின்பற்றலாம். எவ்வழியைக் கொண்டாலும், உறுதி செய்வதற்கு முன் காட்டும் பட்டியலில் ‘2026 ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை, காலை 10 மணி’ என்று கிழமையுடன் எழுதிக் காட்டினால், எண்களில் கண்ணுக்குத் தப்பும் பிழை கிழமையில் அகப்பட்டுவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, அது எந்த நாட்டு நேரம் என்பதைக் கோப்போ கணக்கின் அமைப்போ சொல்லியாக வேண்டும். இந்திய நேரம் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. நியூயார்க் நேரத்திலோ 2026 மார்ச் 8 அன்று பின்னிரவு 2 மணிக்குக் கடிகாரம் 3 மணிக்குத் தாவுவதால் 2.30 என்ற நேரம் அன்று இருப்பதே இல்லை. நவம்பர் 1 அன்று 1.30 மணி இருமுறை வருகிறது. பைத்தானின் `zoneinfo` இவ்விரண்டையும் பிழையென்று சொல்லாது. கொடுத்த நேரத்தை உலகப் பொது நேரமாக மாற்றி மறுபடி உள்ளூர் நேரமாக்கும்போது அதுவே திரும்பி வராவிட்டால், அப்படியொரு நேரம் இல்லை என்று அறியலாம். இருமுறை வரும் நேரத்தை மறுக்க வேண்டியதில்லை. முதலாவதையே கொள்கிறோம் என்று எச்சரிக்கையாகக் கூறினால் போதும்.

வாசகத்தின் நீளம்

தமிழ் வாசகத்தின் நீளத்தை எண்ணுவதில் ஊடகத்துக்கு ஊடகம் கணக்கு வேறுபடுகிறது. ‘தமிழ்’ என்பதில் நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக்கள் மூன்று, யூனிகோடு குறிகளாகப் பிரித்தால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து, யூ.டி.எஃப்-8 பைட்டுகளாக எண்ணினால் பதினைந்து. எக்ஸ் தளம் சாதாரணக் கணக்குகளுக்கு 280 என்று எல்லை வைத்து, தமிழில் ஒவ்வொரு குறியையும் ஒன்றாக எண்ணுகிறது. இணைப்பு எவ்வளவு நீளமாயினும் 23 என்று கொள்கிறது. புளூஸ்கை 300 என்று எல்லை வைத்து, கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே அலகாகக் கொள்கிறது. எனவே ஒரே வாசகம் ஓரிடத்தில் செல்லுபடியாகி, மற்றோரிடத்தில் தள்ளப்படுவது சகஜம். அந்தந்த ஊடகத்தின் கணக்கு முறையிலேயே நாமும் எண்ண வேண்டும். பைட்டுகளை எண்ணும் நிரலோ, தமிழ் வாசகம் அனுமதிக்கப்பட்ட அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிய உடனேயே அநியாயமாக மறுத்துவிடும். மறுக்கும்போது, எவ்வளவு இருக்கிறது, எல்லை எவ்வளவு, எவ்வளவு மிகை என்ற மூன்றையும் சொல்வதோடு, உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுகின்றன என்பதையும் எக்ஸ் தளத்துப் பதிவுகளுக்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையேல், தம் எழுத்துக்களை விரல்விட்டு எண்ணிப் பார்க்கும் ஒருவர் நம் கணக்கில் பிழையென்றே முடிவு செய்வார்.

பிழையறிக்கையை எழுதும் முறை

‘வரிசை 3: Invalid date’ என்பது போன்ற வாக்கியம், நிரலுக்குத் தெரிந்ததில் பாதியைக்கூடப் பதிவேற்றியவருக்குச் சொல்வதில்லை. குற்றம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அங்கே என்ன எழுதியிருக்கிறது, அது ஏன் ஏற்கப்படவில்லை, என்ன செய்தால் ஏற்கப்படும் என்னும் நான்கையும் ஒவ்வொரு பிழைக்கும் சொல்ல வேண்டும். நமது உதாரணக் கோப்புக்கு உரிய அறிக்கை ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

```
4 பிழைகள், 3 வரிசைகளில். எந்தப் பதிவும் இன்னும் ஏற்கப்படவில்லை.

வரிசை 3, date: "03/04/2026"
  ஏப்ரல் 3 என்றும் மார்ச் 4 என்றும் படிக்க இடமுண்டு.
  ஏப்ரல் 3 எனில் 2026-04-03 என்று எழுதவும்.
வரிசை 6, text: 312 குறிகள் உள்ளன; x எல்லை 280.
  உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுகின்றன.
  32 குறிகளைக் குறைக்கவும்.
வரிசை 7, time: "25:00"
  இப்படி ஒரு நேரம் இல்லை. 00:00 முதல் 23:59 வரை எழுதலாம்.
வரிசை 7, channel: "twiter"
  இந்தப் பெயரில் ஊடகம் இல்லை. x அல்லது bluesky என்று எழுதவும்.
```

ஏழாம் வரிசையில் நேரப் பிழையைக் கண்டவுடன் நிரல் நின்றுவிடாமல், ஊடகப் பெயரில் உள்ள பிழையையும் சேர்த்துச் சொல்லியிருப்பதைக் கவனிக்க. ஒவ்வொரு பதிவேற்றத்துக்கும் ஒவ்வொரு பிழையாக வெளியிடும் நிரல், பதிவேற்றுபவரை நான்கு முறை அலையவைக்கும். ஆயினும் ஒரு பிழையிலிருந்து பிறக்கும் வேறு பிழைகளைச் சொல்லலாகாது: ஊடகம் எதுவென்றே தெரியாதபோது வாசகம் அதன் எல்லையை மீறியது என்பதும், தேதியைப் படிக்கவே இயலாதபோது அது கடந்துபோன நாள் என்பதும் பொருளற்ற குற்றச்சாட்டுகள். அதேபோல, தேதிப் பத்தி முழுவதும் ஒரே விதமாகக் கெட்டிருந்தால், ‘2 முதல் 201 வரையுள்ள எல்லா வரிசைகளிலும்’ என்று ஒரே குறிப்பாகச் சொல்லி, ஒரு வரிசையை மாதிரியாகக் காட்டினால் போதும்.

பிழைகள் மிகுந்திருந்தால், அறிக்கையைத் திரையில் மட்டும் காட்டாமல், பதிவேற்றியவரின் அட்டவணையையே இறுதியில் ஒரு பிழைப் பத்தி சேர்த்துத் திருப்பித் தருவது பேருதவியாக இருக்கும். அதைச் சி.எஸ்.வி.யாகத் தந்தால் இரு அபாயங்கள் உண்டு. தொடக்கத்தில் முன்சொன்ன அடையாளக் குறி இல்லையேல் எக்ஸெல் தமிழை உருத்தெரியாமல் காட்டக்கூடும். `=`, `+`, `-`, `@` ஆகிய குறிகளில் தொடங்கும் வாசகத்தைச் சூத்திரமாகக் கருதிச் செயல்படுத்தவும் கூடும். இதைத் தடுக்க வாசகத்தின் முன் மேற்கோள் குறி ஒன்றைச் சேர்ப்பது சிலருடைய வழக்கம்; ஆனால் சமூக ஊடகப் பதிவுகள் `@` குறியில் தொடங்குவது சர்வசாதாரணமாதலால், மறுபடி பதிவேற்றும்போது அந்த மேற்கோளும் பதிவுடன் வெளியாகிவிடும். எனவே கட்டங்களை உரை வகையாகக் குறித்த எக்ஸெல் கோப்பாகத் தருவதே ஏற்றது. தேதிகளும் அவ்வாறே உரையாக நிற்பதால், அக்கோப்பில் வடிவம் மாறும் தொல்லையும் குறையும். திருத்திய கோப்பு அதே பிழைப் பத்தியுடன் திரும்பி வந்தால், அறியாத பத்தி என்று மறுக்காமல் அதனைப் புறக்கணித்துவிட வேண்டும்.

ஏற்பதும் மறுப்பதும்

பிழையற்ற வரிசைகளை ஏற்றுக்கொண்டு மற்றவற்றை மட்டும் திருப்பியனுப்புவது தாராளமான முறையாகத் தோன்றினும், பதிவேற்றியவர் தம் அட்டவணையில் மூன்று வரிசைகளைத் திருத்திவிட்டு முழுக் கோப்பையும் மறுபடி அனுப்புவதே இயற்கையாதலால், முன்பு ஏற்கப்பட்டவை இருமுறை வெளிவர அது வழிவகுக்கும். ஆகையால் கோப்பு முழுவதும் பழுதறும் வரையில் எதையும் ஏற்காதிருப்பதைப் பொது விதியாகக் கொண்டு, அதை அறிக்கையின் முதல் வரியிலேயே சொல்லிவிடலாம். பகுதியாக ஏற்பது தவிர்க்க முடியாத இடத்தில், ஊடகம், நேரம், வாசகம் மூன்றையும் சேர்த்து ஓர் அடையாளமாகக் கொண்டு, முன்பே குறித்துவைத்த பதிவு மறுபடி வந்தால் அதைத் தள்ளிவிட்டு, ‘முன்பே ஏற்கப்பட்டது’ என்று அறிவிக்க வேண்டும். வாசகத்தை ஒரே யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும், ஏனெனில் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் இரண்டு குறிகளாகவும் எழுத இடமுண்டு.

ஒரே கோப்புக்குள் ஒரே வாசகம் இரு நாட்களில் வருவதும், ஒரே ஊடகத்தில் ஒரே நிமிஷத்துக்கு இரு பதிவுகள் அமைவதும் பதிவேற்றியவர் மனமறிந்து செய்தனவாகவும் இருக்கலாம். இவற்றைப் பிழைகளோடு கலவாமல் எச்சரிக்கைகளாகத் தனியே காட்டி, இரு வரிசை எண்களையும் குறிப்பிட்டு, அவர் சம்மதித்தால் ஏற்றுக்கொள்வது முறை.

பரிசோதனை முடிந்த பின்பும் ஒன்று எஞ்சுகிறது. காலை 9.40 மணிக்குப் பரிசோதித்த கோப்பைப் பதிவேற்றியவர் 10.15 மணிக்கு உறுதி செய்வாரானால், 10 மணிக்குக் குறித்த பதிவு இதற்குள் கடந்தகாலத்துக்குப் போய்விடுகிறது. எனவே நேரத்தைப் பற்றிய சோதனையை உறுதி செய்யும் கணத்தில் மறுபடியும் நடத்தி, தவறியவற்றை அதே வரிசை எண்களுடன் காட்டி, உடனே வெளியிடுவதா, வேறு நேரம் குறிப்பதா, விட்டுவிடுவதா என்று அவரையே கேட்க வேண்டும். நிரல் தானாக முடிவெடுத்து வெளியிட்டுவிடலாகாது.